மூச்சு இளைப்பாறும் இடம்: நுரையீரல் கொள்ளளவு, கம்ப்ளையன்ஸ், சர்ஃபாக்டன்ட் பற்றித் தேர்வுக்கான முழு வழிகாட்டி

உட்கார்ந்த இடத்திலேயே ஒரு சின்னச் சோதனை. வழக்கம்போல மூச்சை விடுங்கள். முக்கி வெளியேற்ற வேண்டாம், தானாக எவ்வளவு போகிறதோ அவ்வளவு போகட்டும். அடுத்த மூச்சை இழுக்காமல் இரண்டு நொடி அப்படியே இருங்கள்.

இந்த இரண்டு நொடியில் உங்கள் சுவாசத் தசைகள் எல்லாம் ஓய்வில் இருக்கின்றன. ஆனாலும் நுரையீரலுக்குள் இரண்டு லிட்டருக்கு மேல் காற்று இருக்கிறது. ஏன் அதற்குக் கீழே இறங்கவில்லை? ஏன் நான்கு லிட்டரில் நிற்கவில்லை? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் கொள்ளளவு, கம்ப்ளையன்ஸ், சர்ஃபாக்டன்ட் மூன்றும் ஒரே பாடமாகிவிடும். தனித்தனியாக மனப்பாடம் செய்பவர்கள்தான் வைவாவில் திணறுகிறார்கள். முதலாண்டில் நானும் திணறியவன்தான். எண்கள் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, "சரி, மூச்சு ஏன் அங்கே நிற்கிறது?" என்று கேட்டதும் வாயடைத்து நின்றேன். அந்தக் கேள்வியிலிருந்தே இந்த வழிகாட்டியைத் தொடங்குகிறேன்.

முதல் படி: படத்தை நடுவிலிருந்து வரையுங்கள்

ஸ்பைரோமீட்டர் வரைபடத்தைப் பலரும் அடியிலிருந்து வரைகிறார்கள். எஞ்சிய கொள்ளளவு, அதன்மேல் அடுத்தது, அதன்மேல் இன்னொன்று என்று செங்கல் அடுக்குவதுபோல. நான் சொல்வது வேறு. முதலில் 0 முதல் 6 லிட்டர் வரை ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். 2.3 லிட்டரில் ஒரு கிடைக்கோடு போடுங்கள். அதுதான் மூச்சு இளைப்பாறும் இடம். ஃபங்ஷனல் ரெசிடுவல் கெப்பாசிட்டி என்பது இதன் பெயர், சுருக்கமாக எஃப்.ஆர்.சி.

இந்தக் கோட்டைத் தொட்டபடி மேலே அரை லிட்டர் உயரத்துக்குச் சின்னச் சின்ன அலைகள் போடுங்கள். இது சாதாரண மூச்சு, அதாவது டைடல் வால்யூம். அலையின் அடிப்பகுதி எப்போதும் எஃப்.ஆர்.சி. கோட்டில்தான் இருக்க வேண்டும். அடுத்து ஓர் ஆழமான உள்மூச்சு: அலை 5.8 லிட்டர் வரை ஏறட்டும். பிறகு முடிந்தவரை வெளியேற்றும் மூச்சு: 1.2 லிட்டர் வரை இறங்கட்டும். அதற்குக் கீழே எவ்வளவு முக்கினாலும் இறங்காது.

படம் முடிந்தது. இனி பெயர் வைப்பது எளிது. சாதாரண மூச்சின் உச்சிக்கு மேல் கூடுதலாக இழுக்க முடிந்த காற்று ஐ.ஆர்.வி. எஃப்.ஆர்.சி. கோட்டுக்குக் கீழே முக்கி வெளியேற்ற முடிந்த காற்று ஈ.ஆர்.வி. வெளியேறவே வெளியேறாத மிச்சம் ஆர்.வி. டைடல் வால்யூமையும் சேர்த்தால் இந்த நான்கும் ஒன்றன்மேல் ஒன்று படியாத அடிப்படை அளவுகள், அதனால் வால்யூம். இரண்டோ அதற்கு மேலோ கூட்டினால் கெப்பாசிட்டி. எஃப்.ஆர்.சி. கோட்டிலிருந்து இழுக்க முடிந்த மொத்தக் காற்று ஐ.சி., முழுதாக இழுத்து முழுதாக வெளியேற்ற முடிந்தது வைட்டல் கெப்பாசிட்டி என்ற வி.சி., நுரையீரலின் மொத்தக் கொள்ளளவு டி.எல்.சி.

```
IC  = TV + IRV       = 500 + 3000        = 3500 mL
FRC = ERV + RV       = 1100 + 1200       = 2300 mL
VC  = IRV + TV + ERV = 3000 + 500 + 1100 = 4600 mL
TLC = VC + RV        = 4600 + 1200       = 5800 mL
```

இவை ஆரோக்கியமான இளம் ஆணுக்குப் பாடநூல்கள் தரும் எண்கள். பெண்களுக்குச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை குறையும். ஒரு நூலில் ஆர்.வி. 1200, இன்னொன்றில் 1100 என்று இருக்கும். ஒரே நூலைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு நூலின் எண்களைக் கலந்தால் கூட்டல் ஒத்துவராது, தேர்வாளர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

வைட்டல் கெப்பாசிட்டி என்ற பெயரை வைத்தவர் ஜான் ஹட்சின்சன். தண்ணீரில் மிதக்கும் மணி போன்ற ஸ்பைரோமீட்டரை வைத்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊத வைத்து அளந்து, 1846-இல் முடிவுகளை வெளியிட்டார். ஆள் உயர உயர இந்தக் கொள்ளளவும் கூடுகிறது என்று அவர் அன்றே கண்டார். இன்றைக்கும் ஸ்பைரோமெட்ரி அறையில் ஊதச் சொல்வதற்கு முன் உயரத்தைக் கேட்பது அதனால்தான்.

இரண்டாம் படி: இரண்டு ஸ்பிரிங்குகள்

இப்போது ஏன் 2.3 லிட்டர் என்ற கேள்விக்கு வரலாம்.

நுரையீரலைத் தனியாக எடுத்து மேசைமேல் வைத்தால் அது சுருங்கிப்போகும். அதன் இயல்பு எப்போதும் உள்நோக்கிச் சுருங்குவது. மார்புச்சுவர் நேர் எதிர். நுரையீரல் உள்ளே இழுக்காவிட்டால் விலாக்கூடு வெளிநோக்கி விரியும். அதைத் தன் போக்கில் விட்டால் மொத்தக் கொள்ளளவில் சுமார் 70 சதவீதம் வரை விரிந்துதான் ஓய்வெடுக்கும். ஒன்று உள்ளே இழுக்கிறது, மற்றது வெளியே இழுக்கிறது. இரண்டும் சமமாகும் புள்ளியில் மூச்சு நிற்கிறது. அந்தப் புள்ளிதான் எஃப்.ஆர்.சி.

இரண்டுக்கும் நடுவே இருப்பது புளூரா இடைவெளி. இரு பக்கமும் எதிரெதிராக இழுபடுவதால் அங்கே அழுத்தம் வளிமண்டலத்தைவிடக் குறைவு: ஓய்வில் சுமார் −5 செ.மீ. நீர் அழுத்தம். வெறும் −5 என்று எழுதாமல், எதிர்த்திசையில் இழுக்கும் இரண்டு மீள்விசைகளால் அது உண்டாகிறது என்று ஒரு வரி சேர்த்தால் பதில் முழுமையாகும்.

இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் நியூமோதோராக்ஸைப் பாருங்கள். புளூரா இடைவெளிக்குள் காற்று புகுந்ததும் பிடிப்பு விட்டுப்போகிறது. நுரையீரல் சுருங்குகிறது, அந்தப் பக்க மார்பு சற்றே வெளியே விரிகிறது. ஆளுக்கொரு திசை. "மார்புச்சுவருக்கு என்ன ஆகும்?" என்பது வைவாவில் அடிக்கடி வரும் கேள்வி. அதுவும் உள்ளே ஒடுங்கும் என்று பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள்.

சமநிலை என்று புரிந்துவிட்டால் எஃப்.ஆர்.சி. எங்கே கூடும், எங்கே குறையும் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மல்லாந்து படுத்தால் வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளும், எஃப்.ஆர்.சி. அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குறையும். நிறைமாதக் கர்ப்பத்தில் அதே காரணத்தால் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். நுரையீரலின் சுருங்கும் விசை நலிந்தால் மார்புச்சுவர் ஜெயிக்கும், எஃப்.ஆர்.சி. கூடும். அது எம்ஃபிசீமா. நுரையீரல் விறைத்தால் உள்நோக்கிய இழுப்பு ஜெயிக்கும், எஃப்.ஆர்.சி. குறையும். அது ஃபைப்ரோசிஸ்.

மூன்றாம் படி: அளக்க முடியாததை அளப்பது

ஸ்பைரோமீட்டருக்குத் தெரிவது உள்ளே போய் வெளியே வரும் காற்று மட்டும். வெளியே வராத ஆர்.வி. அதற்குத் தெரியாது. ஆகவே ஆர்.வி. எந்தெந்தக் கூட்டலில் இருக்கிறதோ அவையும் தெரியாது: எஃப்.ஆர்.சி., டி.எல்.சி. ஸ்பைரோமீட்டரால் அளக்க முடியாதவை எவை என்று கேட்டால் மூன்றையும் சொல்ல வேண்டும்.

வழி என்ன? ஹீலியம் நீர்த்தல் முறை. ஹீலியம் இரத்தத்தில் அநேகமாகக் கரையாது, அதனால் போட்ட ஹீலியம் குறையாமல் அப்படியே இருக்கும். ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீரை அளவு தெரியாத பாத்திரத்துத் தண்ணீரில் கலந்து, இனிப்பு எவ்வளவு குறைந்தது என்று பார்த்துப் பாத்திரத்தின் அளவைச் சொல்வதுபோலத்தான் இது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஸ்பைரோமீட்டர் சுற்றில் 3.6 லிட்டர் வாயு, அதில் 10 சதவீதம் ஹீலியம். நபர் சாதாரணமாக மூச்சு விட்டு முடித்த நொடியில் வால்வைத் திறந்து இணைக்கிறோம். சில நிமிடங்கள் சுவாசிக்கிறார். வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை சோடா லைம் உறிஞ்சுகிறது, அவர் செலவழிக்கும் ஆக்சிஜனை ஈடுகட்டிக்கொண்டே இருக்கிறோம். ஹீலியம் 6 சதவீதத்தில் வந்து நிலைக்கிறது.

```
C1 × V1 = C2 × (V1 + FRC)
10 × 3.6 = 6 × (3.6 + FRC)
36 / 6   = 3.6 + FRC
FRC      = 6.0 − 3.6 = 2.4 L
```

இதே நபரின் ஸ்பைரோமீட்டர் படத்தில் ஈ.ஆர்.வி. 1.1 லிட்டர், ஐ.சி. 3.4 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆர்.வி. = 2.4 − 1.1 = 1.3 லிட்டர். டி.எல்.சி. = 2.4 + 3.4 = 5.8 லிட்டர். வி.சி. = 5.8 − 1.3 = 4.5 லிட்டர். ஆக, ஹீலியம் ஒரே ஓர் எண்ணைத்தான் தந்தது, மற்றவை எல்லாம் கழித்தல் கூட்டல்.

தவறு நடக்கும் இடங்களைத்தான் தேர்வில் தோண்டுவார்கள். மூச்சு விட்ட பிறகு இணைப்பதற்குப் பதில், சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்த உச்சியில் இணைத்துவிட்டால்? அப்போது நுரையீரலில் 2.4 அல்ல, 2.9 லிட்டர் இருக்கும். ஹீலியம் 36 ÷ 6.5, அதாவது சுமார் 5.5 சதவீதத்தில் நிற்கும். கணக்கு தரும் 2.9 லிட்டரை எஃப்.ஆர்.சி. என்று எழுதினால் அரை லிட்டர் பிழை. முழுதும் முக்கி வெளியேற்றிய பிறகு இணைத்தால் கிடைப்பது நேரடியாக ஆர்.வி. வாய்க்குழாயில் கசிவு இருந்தால் ஹீலியம் வெளியேறி இறுதிச் செறிவு குறையும், எஃப்.ஆர்.சி. பொய்யாகக் கூடித் தெரியும். செறிவு நிலைக்காமல் இறங்கிக்கொண்டே இருந்தால் கசிவைச் சந்தேகியுங்கள்.

இன்னொரு எல்லையும் உண்டு. எம்ஃபிசீமாவில் சில பகுதிகளுக்குக் காற்றுப் போக்குவரத்தே சரியாக இருக்காது. அங்கே ஹீலியம் போய்ச் சேராது, அதனால் உண்மையான அளவைவிடக் குறைத்துக் காட்டும். மூடிய பெட்டிக்குள் உட்கார வைத்து, பாயில் விதிப்படி அளக்கும் பாடி பிளெத்திஸ்மோகிராஃப் அடைபட்ட காற்றையும் சேர்த்து அளக்கும். ஒரே நோயாளிக்கு இரண்டு முறையிலும் பெரிய வித்தியாசம் வந்தால், அந்த வித்தியாசம்தான் அடைபட்ட காற்று.

நான்காம் படி: கம்ப்ளையன்ஸ்

முதல் ஸ்பிரிங்கான நுரையீரல் எவ்வளவு விறைப்பானது? அதை எண்ணாகச் சொல்வதுதான் கம்ப்ளையன்ஸ். ஒரு செ.மீ. நீர் அழுத்தம் கூட்டினால் எத்தனை மில்லி விரியும் என்பது அதன் பொருள்.

ஒருவர் 500 மில்லி இழுக்கிறார். புளூரா அழுத்தம் −5 இலிருந்து −7.5 ஆகிறது. மாற்றம் 2.5. ஆகவே 500 ÷ 2.5 = 200. இது நுரையீரலின் கம்ப்ளையன்ஸ். நடைமுறையில் புளூராவுக்குள் ஊசி போடுவதில்லை, உணவுக்குழாயில் சிறு பலூன் வைத்து அந்த அழுத்தத்தை அறிகிறார்கள்.

ஒரு நுட்பம். நுரையீரலை விரிப்பது நுண்ணறை அழுத்தத்துக்கும் புளூரா அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு. அப்படியிருக்க மேலே புளூரா அழுத்தத்தை மட்டும் எடுத்தது எப்படிச் சரி? மூச்சின் தொடக்கத்திலும் முடிவிலும் காற்று ஓடுவதில்லை, அந்த இரண்டு நொடிகளிலும் நுண்ணறை அழுத்தம் சுழியம். அதனால் சரி. நடு மூச்சில் அளந்தால் காற்றுக்குழாயின் தடையும் கணக்கில் கலந்துவிடும். காற்றோட்டத்தை நிறுத்தி அளப்பது ஸ்டாட்டிக், சுவாசம் நடந்துகொண்டிருக்கும்போதே அளப்பது டைனமிக் என்று பிரிப்பதன் காரணமும் இதுவே.

மார்புச்சுவருக்கும் கம்ப்ளையன்ஸ் ஏறக்குறைய 200. இரண்டும் சேர்ந்தால் 400 என்று எழுதாதீர்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரண்டையும் விரிக்க வேண்டியிருப்பதால் விரிவது கடினமாகிறது. தலைகீழிகளைத்தான் கூட்ட வேண்டும்.

```
1/C(total) = 1/C(lung) + 1/C(chest wall)
           = 1/200 + 1/200 = 1/100
C(total)   = 100 mL/cmH2O
```

இன்னொரு பொறி: ஒருவருக்கு ஒரு பக்க நுரையீரலை அகற்றிவிட்டார்கள். கம்ப்ளையன்ஸ் 200 இலிருந்து 100 ஆகிவிட்டது. மீதி நுரையீரல் விறைத்துவிட்டதா? இல்லை, அளவுதான் பாதியாகிவிட்டது. அதனால் எஃப்.ஆர்.சி.யால் வகுத்துப் பார்க்க வேண்டும். முன்பு 200 ÷ 2300, இப்போது 100 ÷ 1150. இரண்டும் ஒரே விடை. இதுதான் ஸ்பெசிஃபிக் கம்ப்ளையன்ஸ். குழந்தையின் நுரையீரலையும் பெரியவர் நுரையீரலையும் ஒப்பிட வேண்டுமென்றால் இதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அப்புறம், கம்ப்ளையன்ஸ் கூடினால் நல்லது என்று ஒரு நினைப்பு பலருக்கு இருக்கிறது. எலாஸ்டிக் தளர்ந்த கால்சட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் சுலபமாக விரியும், ஆனால் இடுப்பில் நிற்காது. எம்ஃபிசீமா நுரையீரல் அப்படித்தான். காற்றை வாங்கிக்கொள்ளும், திருப்பித் தள்ளத் தெம்பில்லை. எஃப்.ஆர்.சி. கூடுகிறது, ஆர்.வி. கூடுகிறது, மார்பு பீப்பாய்போல் ஆகிறது. ஃபைப்ரோசிஸ் புதுப் பைக் டியூப் மாதிரி: விரிக்கப் படாதபாடு, விட்டால் படக்கென்று சுருங்கும். ஒவ்வொரு மூச்சையும் ஆழமாக இழுப்பது செலவு என்பதால் அந்த நோயாளி குட்டிக் குட்டியாக வேகமாகச் சுவாசிப்பார்.

ஐந்தாம் படி: சுருங்கும் விசை எங்கிருந்து வருகிறது?

நுரையீரல் சுருங்க விரும்புகிறது என்று சொல்லிவிட்டோம். ஏன் விரும்புகிறது? அதிலுள்ள எலாஸ்டின், கொலாஜன் இழைகளால் என்று சொன்னால் விடை பாதிகூட இல்லை. மூன்றில் ஒரு பங்குதான்.

1929-இல் கர்ட் ஃபான் நீர்கார்ட் என்ற மருத்துவர் பன்றியின் நுரையீரலை முதலில் காற்றாலும் பிறகு திரவத்தாலும் நிரப்பிப் பார்த்தார். திரவத்தால் நிரப்ப மிகக் குறைந்த அழுத்தமே போதுமாக இருந்தது. இழைகள் இரண்டு தடவையும் அதே இழைகள்தான். மாறியது ஒன்றே: திரவம் நிரப்பியபோது காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு இல்லை. ஆகவே மீதி மூன்றில் இரண்டு பங்கு விசை அந்தப் பரப்பின் இழுவிசையால் வருகிறது. மிக எளிமையான, அழகான சோதனை. ஆனால் ஏறக்குறைய கால் நூற்றாண்டு யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

தேர்வில் இதை வரைபடமாகக் கேட்பார்கள். அழுத்தம் கிடையாக, கொள்ளளவு செங்குத்தாக. உப்புக்கரைசல் நிரப்பிய வளைவு இடப்பக்கம், செங்குத்தாக ஏறும். காற்று நிரப்பிய வளைவு வலப்பக்கம் தள்ளி இருக்கும், அதோடு விரியும் பாதையும் சுருங்கும் பாதையும் வேறாக ஒரு கண்ணி போலத் தெரியும். இந்த வேறுபாடுதான் ஹிஸ்டெரிசிஸ். கரைசல் வளைவில் கண்ணி ஏறக்குறைய மறைந்துவிடும். ஆகவே கண்ணிக்கும் முக்கியக் காரணம் பரப்பு இழுவிசைதான்.

இங்கே லாப்லாஸ் விதி வருகிறது. நுண்ணறையை ஒரு சிறு குமிழாக எண்ணிக்கொண்டால், அதைச் சுருங்காமல் வைத்திருக்கத் தேவையான அழுத்தம் P = 2T/r. சோப்புக் குமிழுக்கு உள்ளும் புறமும் இரண்டு பரப்பு, அதனால் 4T/r. நுண்ணறைக்கு ஒரே பரப்பு. இதில் குழம்பி மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய.

பரப்பு இழுவிசையைக் குறைக்க நுண்ணறைச் செல்கள் சுரக்கும் கலவைதான் சர்ஃபாக்டன்ட். அது இல்லாத நுண்ணறைத் திரவத்தின் பரப்பு இழுவிசை சுமார் 50 டைன்/செ.மீ. அருகருகே இரண்டு நுண்ணறைகள், ஆரம் ஒன்றுக்கு 100 மைக்ரோமீட்டர், மற்றதற்கு 50. ஒரு செ.மீ. நீர் அழுத்தம் என்பது 980 டைன்/செ.மீ².

```
r = 0.010 cm: P = 2 × 50 / 0.010 = 10000 dyn/cm2 ≈ 10 cmH2O
r = 0.005 cm: P = 2 × 50 / 0.005 = 20000 dyn/cm2 ≈ 20 cmH2O
```

சின்னதில் அழுத்தம் அதிகம். இரண்டுக்கும் இடையே வழி இருந்தால் சின்னது தன் காற்றைப் பெரியதில் கொட்டிவிட்டுச் சுருண்டுவிடும். நுரையீரல் முழுக்க இப்படி நடந்தால் சில பெரிய பைகளும் ஏராளமான சுருண்ட அறைகளும்தான் மிஞ்சும்.

சர்ஃபாக்டன்ட் இதைத் தடுக்கும் விதம்தான் இந்தப் பாடத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி. அது பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது என்பதோடு நிற்பதில்லை, சின்ன அறையில் அதிகமாகக் குறைக்கிறது. டைப் 2 நுண்ணறைச் செல்கள் லாமெல்லர் உடல்களில் சேமித்து வெளிவிடும் இந்தக் கலவையில் சுமார் 90 சதவீதம் கொழுப்பு. அதில் முதன்மையானது டைபால்மிட்டோயில் பாஸ்பட்டிடில்கோலின். அதன் ஒரு முனை நீரோடு ஒட்டும், மறு முனை நீரை விலக்கிக் காற்றுப் பக்கம் நிற்கும். மூச்சு விடும்போது பரப்பு சுருங்கும், மூலக்கூறுகள் காலை நேர டவுன் பஸ்போல நெருக்கியடித்து நிற்கும். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கப் பரப்பில் இடமே இருக்காது, இழுவிசை வெகுவாக இறங்கும். விரியும்போது கூட்டம் கலையும், இழுவிசை கூடும். அதே கணக்கை மறுபடி போடுங்கள், பெரியதில் 20, சின்னதில் 10 என்று.

```
r = 0.010 cm: P = 2 × 20 / 0.010 = 4000 dyn/cm2 ≈ 4 cmH2O
r = 0.005 cm: P = 2 × 10 / 0.005 = 4000 dyn/cm2 ≈ 4 cmH2O
```

அழுத்தம் சமம், யாரும் யாரிடமும் காற்றைக் கொட்ட வேண்டியதில்லை. கணக்குக்காக நான் வசதியான எண்களைத் தேர்ந்தேன். நிஜத்தில் நுண்ணறைகள் தனிக் குமிழ்களும் அல்ல. சுவரைப் பகிர்ந்துகொண்டு தேன்கூடுபோல இருப்பதால், ஒன்று சுருங்கப் பார்த்தால் சுற்றியுள்ளவை அதை இழுத்துப் பிடிக்கும். இந்த ஒரு வரியையும் பதிலில் சேர்த்துவிடுங்கள்.

சர்ஃபாக்டன்ட்டின் பணிகள் என்று கேட்டால் மூன்று: கம்ப்ளையன்ஸைக் கூட்டிச் சுவாச உழைப்பைக் குறைக்கிறது, சின்ன நுண்ணறைகளைச் சுருளாமல் காக்கிறது, நுண்ணறையை உலர்வாக வைக்கிறது. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். பரப்பு இழுவிசை அதிகமானால் அது தந்துகியிலிருந்து திரவத்தையும் நுண்ணறைக்குள் உறிஞ்சும்.

ஆறாம் படி: எல்லாவற்றையும் ஒரு குழந்தையில் பாருங்கள்

28 வாரத்தில் பிறந்த, ஒரு கிலோ எடையுள்ள குழந்தை என்று வினாத்தாளில் வரும். பிறந்து சில நிமிடங்களிலேயே வேகமான மூச்சு, நிமிடத்துக்கு 60-க்கு மேல். மூக்கு விடைக்கிறது, விலா இடுக்குகள் உள்வாங்குகின்றன, ஒவ்வொரு வெளிமூச்சிலும் முனகல். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுதும் மங்கிய கண்ணாடிபோல, அதன் நடுவே காற்றுக்குழாய்கள் கறுப்பாகத் தெரிகின்றன. இது புதுக்குழந்தை சுவாச இடர்ப்பாடு, ஆர்.டி.எஸ். விளக்குக என்பது கேள்வி.

சர்ஃபாக்டன்ட் உற்பத்தி கருவில் சுமார் 24 வாரத்தில் தொடங்கினாலும் 35 வாரம் ஒட்டித்தான் போதுமான அளவு சேரும். அம்னியோட்டிக் திரவத்தில் லெசித்தின், ஸ்பிங்கோமயலின் விகிதம் 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் நுரையீரல் முதிர்ந்துவிட்டது என்று கொள்வது இதை வைத்துத்தான். இந்தக் குழந்தைக்கு சர்ஃபாக்டன்ட் போதாது, நுண்ணறையும் சிறியது. ஆரம் 25 மைக்ரோமீட்டர், இழுவிசை 50 என்று வைத்தால் 2 × 50 ÷ 0.0025 = 40,000 டைன்/செ.மீ², ஏறக்குறைய 41 செ.மீ. நீர் அழுத்தம். நாம் மேலே கண்ட 4-க்குப் பத்து மடங்கு. முதல் ஸ்பிரிங் பயங்கர விறைப்பு.

இரண்டாவது ஸ்பிரிங் நினைவிருக்கிறதா? பச்சைக் குழந்தையின் விலாக்கூடு பெரும்பாலும் குருத்தெலும்பு, மிக மென்மை. வெளிநோக்கி இழுக்கத் தெம்பில்லை. உள்நோக்கிய இழுப்பு அதிகம், வெளிநோக்கிய இழுப்பு குறைவு. எஃப்.ஆர்.சி. தரைதட்டுகிறது. அதாவது ஒவ்வொரு வெளிமூச்சுக்குப் பிறகும் நுண்ணறைகள் சுருண்டுவிடுகின்றன, அடுத்த மூச்சில் அவற்றை முதலிலிருந்து திறக்க வேண்டும். பலூனை ஊதும்போது முதல் ஊதுதான் கஷ்டம். இந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் ஊது. சுருண்ட அறைகளைக் கடந்துபோகும் இரத்தத்துக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. விலா இடுக்கு உள்வாங்குவது ஏனென்றால் உதரவிதானம் உருவாக்கும் எதிரழுத்தத்துக்கு விறைத்த நுரையீரல் அசையாமல், மென்மையான மார்புச்சுவர் அசைகிறது. முனகல்? குரல்வளையைப் பாதி மூடி மூச்சு விட்டு, உள்ளே கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி எஃப்.ஆர்.சி.யைக் காப்பாற்றக் குழந்தை தானே கண்டுபிடித்த வழி.

மூக்கு வழியாகத் தொடர் அழுத்தம் தரும் சி-பேப் அந்த முனகலின் வேலையைக் கருவியிடம் ஒப்படைக்கிறது. பொதுவாக 5 அல்லது 6 செ.மீ. நீர் அழுத்தத்தில் தொடங்குவார்கள். நுண்ணறை முழுதும் சுருளாமல் இருந்தால் ஆரம் பெரிதாக இருக்கும், r பெரிதானால் P குறையும். ஒரே சூத்திரம், இப்போது நமக்குச் சாதகமாக.

பிரசவத்துக்கு முன்பே செய்ய முடிந்தது தாய்க்கு ஸ்டீராய்டு: பீட்டாமெத்தசோன் 12 மி.கி. 24 மணி இடைவெளியில் இரண்டு முறை, அல்லது டெக்சாமெத்தசோன் 6 மி.கி. 12 மணிக்கு ஒருமுறையாக நான்கு முறை. கார்டிசால் வகை ஹார்மோன் டைப் 2 செல்களை முடுக்கிவிடும். இதைக் காட்டிய லிகின்ஸ், ஹோவி ஆய்வு 1972-இல் வந்தது. இன்சுலின் எதிர்த்திசையில் வேலை செய்யும். சர்க்கரை நோய் கட்டுப்படாத தாயின் குழந்தைக்கு நாள் நிறைந்து பிறந்தாலும் ஆர்.டி.எஸ். வரக்கூடும் என்பதற்கு அதுவே காரணம்.

நோயின் காரணம் சர்ஃபாக்டன்ட் குறைவு என்று மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் 1959-இல் காட்டிவிட்டார்கள். ஆனால் கொடுக்க மருந்து இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து இதே நோயில் இரண்டே நாளில் இறந்தான். ஜப்பானின் டெட்சுரோ ஃபுஜிவாரா பத்துக் குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் வழியே சர்ஃபாக்டன்ட் கொடுத்து வெற்றி கண்டது 1980-இல்.

இன்று பன்றி அல்லது மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட்டைக் குழாய் வழியே விடுகிறார்கள். நம் குழந்தைக்கும் விட்டாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் ஆக்சிஜன் அளவு ஏறுகிறது: சுருண்டவை திறந்து எஃப்.ஆர்.சி. மீள்கிறது. அதைத் தொடர்ந்து கம்ப்ளையன்ஸும் கூடுகிறது. குழந்தை வென்டிலேட்டரில் இருந்தால், இந்த நேரத்தில் கண் மார்பின்மேல் இருக்க வேண்டும். கொடுப்பது பழைய அழுத்தம்தான், ஆனால் மார்பு முன்பைவிட உயரமாக எழும். விறைத்த நுரையீரலுக்கு வைத்த அழுத்தம் இளகிய நுரையீரலுக்கு மிக அதிகம் என்று அதற்கு அர்த்தம். உடனே குறைக்க வேண்டும். குறைக்காமல் விட்டால் நுண்ணறை கிழிந்து காற்று புளூராவுக்குள் புகும். பிடிப்பு விட்டு நுரையீரல் ஒரு திசையிலும் மார்புச்சுவர் மறு திசையிலும் போகும்.